ஒரு மணி நேரம் மிதித்தால் எவ்வளவு மின்சாரம்? பெடல், கைச்சுழற்றி ஜெனரேட்டருக்கு முழுமையான வழிகாட்டி

பெடல் ஜெனரேட்டர் செய்ய ஆசைப்படுகிறவர்களில் பலர் முதலில் மோட்டாரை வாங்கிவிட்டு, அதன் பிறகுதான் கணக்குப் போட உட்காருகிறார்கள். கணக்கு தொடங்க வேண்டிய இடம் மனிதனின் கால். மோட்டாரின் மேல் 250 வாட் என்று பொறித்திருக்கலாம். ஆனால் மிதிப்பவரின் கால் 80 வாட்தான் கொடுக்கும் என்றால், அந்த 80-இல் எவ்வளவு வீணாகாமல் கம்பி வரை வந்து சேர்கிறது என்பதே மொத்தக் கதையும்.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறது: பயிற்சி எடுக்காத, ஆரோக்கியமான ஒருவர் ஒரு மணி நேரம் விடாமல் மிதித்தால் கையில் என்ன மிஞ்சும், அதை வைத்து எதையெல்லாம் ஓட்டலாம்?

படி 1: உடல் தாங்கும் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்

சாதாரண உடல்நலம் உள்ள ஒருவர் ஒரு மணி நேரம் பெடலில் தரக்கூடியது 75 முதல் 100 வாட். இடையிடையே ஓய்வெடுத்துக்கொண்டு அரை நாள் மிதிக்க வேண்டுமானால் 50 வாட்டில் நிறுத்திக்கொள்வது நல்லது. நன்றாகப் பழகிய சைக்கிள் வீரர் ஒரு மணி நேரத்துக்கு 200 முதல் 250 வாட் வரை தருவார். உலகத் தரப் போட்டியாளர்கள் 400 வாட்டைத் தொடுவார்கள்.

குறைந்த நேரத்துக்கு என்றால் எண்கள் மயக்கும். சில நொடிகளுக்கு 500 வாட் தருவது பலருக்கும் முடிகிற காரியம். பெடலில் ஏறி உட்கார்ந்ததும் மீட்டர் 200 காட்டுவதைப் பார்த்து, ‘நம்மால் 200 முடியும்’ என்று நம்பிவிடுவது இதனால்தான். மூன்றாவது நிமிடத்தில் அந்த எண் பாதியாகிவிடும். ஜெர்மனியின் பந்தயத்தடச் சைக்கிள் வீரர் ராபர்ட் ஃபோர்ஸ்டமான் 2015-இல் வெளியான ஒரு காணொளியில் 700 வாட் ரொட்டி டோஸ்டரைத் தன் கால்களாலேயே ஓட்டிக் காட்டினார். மலைபோன்ற தொடைகள் கொண்ட அவரே ஒரு ரொட்டித்துண்டைச் சிவக்க வைத்துவிட்டுத் தரையில் சாய்ந்தார். கிடைத்த மின்சாரம் 0.021 யூனிட்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உடல் எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது. 80 வாட் மிதிக்க உடல் 320 வாட் அளவுக்கு எரிக்கிறது. மீதி 240 வாட்டும் வெப்பம். சாலையில் சைக்கிள் ஓட்டும்போது எதிர்க்காற்று இந்த வெப்பத்தை வாரிக்கொண்டு போய்விடும். அறைக்குள் ஒரே இடத்தில் மிதிக்கும்போது அந்தக் காற்று கிடையாது. அதனால் 20 நிமிடத்தில் தளர்ந்துபோகிறவர்களில் பலருக்குக் கால் சோர்ந்திருக்காது, உடல் சூடேறியிருக்கும். ஜன்னலுக்கு எதிரே, காற்று வரும் இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். கிடைக்கும் மின்சாரத்தில் 5 வாட்டைச் சிறு மின்விசிறிக்குக் கொடுத்து அதை உங்கள் மேலேயே திருப்பி வைத்தாலும் நஷ்டமில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்கு உடல் கூடுதலாகச் செலவழிப்பது 275 கலோரி போல இருக்கும்.

படி 2: கையா, காலா என்று முடிவு செய்யுங்கள்

கையின் தசைகள் சிறியவை, சீக்கிரம் சோர்பவை. நல்ல நீளமான கைப்பிடி, உறுதியான தாங்கி, இரு கைகளும் மாறி மாறி வேலை செய்யும் வசதி எல்லாம் இருந்தால் 25 முதல் 30 வாட் வரை அரை மணி நேரம் சுற்றலாம். ஆனால் கடைகளில் கிடைக்கும் அவசரக்கால டார்ச், ரேடியோவில் உள்ள மடக்குக் கைப்பிடி ஐந்தாறு சென்டிமீட்டர்தான் இருக்கும். அதை ஒரு கையில் பிடித்து மறு கையால் சுற்றும்போது மின்சாரமாக வருவது 2 முதல் 5 வாட். பிளாஸ்டிக் பற்சக்கரம் அதற்கு மேல் தாங்காது. பலம் கொடுத்துச் சுற்றினால் முதலில் உடைவது அதுதான்.

இன்றைய கைபேசியின் பாட்டரி 15 முதல் 19 வாட்-மணி கொள்ளும். சார்ஜ் ஆகும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் 20-க்குக் குறையாது. 5 வாட் கைச்சுழற்றியில் அதை நிரப்ப 4 மணி நேரம் விடாமல் சுற்ற வேண்டும். யாரும் அப்படிச் சுற்றப் போவதில்லை. ஆனால் ஐந்து நிமிடம் சுற்றினால் 0.4 வாட்-மணி கிடைக்கும். அணைந்துபோன கைபேசியை எழுப்பி ஓர் அழைப்பு பேச அது போதும். கைச்சுழற்றியின் உண்மையான பயன் இந்த அளவில்தான் இருக்கிறது: ஓர் அழைப்பு, ஒரு வானொலிச் செய்தி, ஒரு சிறு எல்இடி வெளிச்சம். அந்த அளவுக்கு அது அருமையான கருவி.

கையை விடக் கால் மேல் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1929-இல் ஆஸ்திரேலியாவின் ஆல்ஃபிரட் டிரேகர், ஒதுக்குப்புறப் பண்ணைகளிலிருந்து மருத்துவரை அழைப்பதற்காகப் பெடல் வானொலியை உருவாக்கினார். அவருடைய ஜெனரேட்டர் தந்தது 20 வாட் அளவுதான். ஆனால் கால் மின்சாரம் தந்தபோது கைகள் விடுபட்டு மோர்ஸ் சாவியைத் தட்ட முடிந்தது. வேலை செய்துகொண்டே மிதிக்க வேண்டுமானால் இன்றைக்கும் இதே நியாயம்தான். இனி நாம் பெடலோடு போவோம்.

படி 3: வேகத்தைப் பொருத்துங்கள்

மனிதக் கால் நிமிடத்துக்கு 60 சுற்றில் சுகமாக இருக்கும். எளிதில் கிடைக்கும் 24 வோல்ட் நிரந்தரக் காந்த டிசி மோட்டாரோ நிமிடத்துக்கு 2,650 சுற்றுக்குச் செய்யப்பட்டது. இந்த இரண்டையும் இணைக்கும் வேக விகிதம் தவறினால் மற்ற எதுவும் சரியாக அமையாது.

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். மோட்டாரை ஜெனரேட்டராகச் சுற்றும்போது ஒவ்வொரு 1,000 சுற்றுக்கும் ஏறத்தாழ 8.5 வோல்ட் தருகிறது என்று கொள்வோம். உங்கள் மோட்டாருக்கு இதை நீங்களே அளந்துகொள்ளலாம்: ஒரு துளைபோடும் இயந்திரத்தால் அதைத் தெரிந்த வேகத்தில் சுற்றி மல்டிமீட்டரில் வோல்ட்டைப் படித்தால் போதும். 12 வோல்ட் பாட்டரியை நிரப்பக் கிட்டத்தட்ட 14.4 வோல்ட் வேண்டும். மோட்டாரின் உள்மின்தடையாலும், மின்சாரம் திரும்பிப் போகாமல் தடுக்கும் டயோடாலும் 2.3 வோல்ட் போய்விடும். ஆக உள்ளே 16.7 வோல்ட் உருவாக வேண்டும்; அதற்கு மோட்டார் 1,960 சுற்று சுற்ற வேண்டும்.

சைக்கிளின் முன் பற்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18 பல் இருந்தால் பின்சக்கரம் பெடலைப் போல 2.44 மடங்கு சுற்றும். பின்சக்கரத்தின் விட்டம் 67 செ.மீ. அதன் டயரில் அழுத்தி நிற்கும் மோட்டார் உருளையின் விட்டம் 5 செ.மீ. என்றால் இன்னொரு 13.4 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 32.7. பெடல் 60 சுற்று, மோட்டார் 1,960 சுற்று, சரியாகப் பொருந்திவிட்டது. உருளையை 8 செ.மீ. ஆக்கினால் அதே வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 96 முறை மிதிக்க வேண்டியிருக்கும். 3 செ.மீ. ஆக்கினால் 36 சுற்றிலேயே மின்னோட்டம் தொடங்கிவிடும். பெடல் கல்லாக இறுகி முழங்கால் வலிக்கும்.

பழைய கார் ஆல்டர்னேட்டர் மலிவாகக் கிடைக்கிறதே என்று பலர் அதைப் பொருத்துகிறார்கள். நான் வேண்டாம் என்றே சொல்வேன். அதில் நிரந்தரக் காந்தம் இல்லை. காந்தப்புலம் உருவாக்கவே இரண்டு, மூன்று ஆம்பியர் கேட்கும். அதாவது உங்கள் உழைப்பில் 30 வாட் அளவு வெளியே எதுவும் எரிவதற்கு முன்பே தின்றுவிடும். எஞ்சினுக்கு அது ஒரு பொருட்டல்ல, காலுக்குத் தாங்காது.

படி 4: கசிவைக் கணக்கிடுங்கள்

காலிலிருந்து கம்பிவரை ஆற்றல் வருவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் கொண்டு வருவது போலத்தான். ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் சிந்தும்.

80 வாட்டில் தொடங்குவோம். சங்கிலியில் 4 சதவீதம் போனால் பின்சக்கரத்தில் 77 வாட். டயரும் உருளையும் உரசும் இடத்தில் 15 சதவீதம் போகிறது. மோட்டார் அச்சுக்கு வருவது 65 வாட். மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் உராய்வு, இரும்பு இழப்பு, கம்பிச் சூடு எல்லாம் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கு. முனையில் 52 வாட். டயோடில் இரண்டு வாட். கடைசியில் 14.4 வோல்ட், 3.5 ஆம்பியர், அதாவது 50 வாட்.

இந்த 50 வாட் பாட்டரிக்குள் போய், அங்கிருந்து இன்வெர்ட்டர் வழியாக 230 வோல்ட் ஆகி வெளியே வந்தால் இன்னும் இரண்டு இடத்தில் கசியும். ஈயப் பாட்டரி 15 சதவீதம், இன்வெர்ட்டர் 15 சதவீதம் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது 36 வாட். இன்வெர்ட்டர் எந்தக் கருவியும் ஓடாமல் சும்மா இருந்தாலே சில வாட் குடிக்கும். ஆகவே டிசியிலேயே ஓடும் கருவிகளைத் தேர்ந்தெடுத்தால் இன்வெர்ட்டரைத் தவிர்த்துவிடலாம்.

அதிகமாகச் சிந்தும் இரண்டு இடங்கள் உருளையும் மோட்டாரும். டயரைக் கழற்றிவிட்டு, வெறும் விளிம்பின் மேல் நீள பெல்ட் போட்டு மோட்டாரைச் சுற்றினால் உருளையின் இழப்பில் பாதிக்கு மேல் மிச்சமாகும். சைக்கிளைத் திரும்பச் சாலைக்கு எடுக்கப் போவதில்லை என்றால் அதுவே சிறந்த வழி.

படி 5: உங்கள் எண்ணை நீங்களே அளந்து பாருங்கள்

இதற்கு விலையுயர்ந்த மீட்டர் தேவையில்லை. வண்டிகளின் திரும்பு விளக்கில் வரும் 12 வோல்ட், 21 வாட் குமிழ் மூன்று, தனித்தனி ஸ்விட்ச் மூன்று, ஒரு வோல்ட்மீட்டர் போதும். குமிழ்களைப் பக்கவாட்டில், அதாவது இணையாக, ஜெனரேட்டரோடு இணையுங்கள். இந்தச் சோதனையின்போது பாட்டரி இருக்கக் கூடாது.

ஒரு குமிழைப் போட்டு 12 வோல்ட்டில் நிலைநிறுத்தி மிதியுங்கள். இரண்டாவது ஸ்விட்சைப் போடும் கணத்தில் பெடல் சட்டென்று கனமாகும். யாரோ பின்னாலிருந்து வண்டியைப் பிடித்து இழுத்தது போல் கால் உணரும். வோல்ட் 10-க்கு இறங்கும். நீங்கள் அழுத்தினால் திரும்ப 12-க்கு ஏறும். இப்போது 42 வாட். இந்த நிலையில் 20 நிமிடம் மிதியுங்கள். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா, வோல்ட்மீட்டர் 12-ஐ விட்டு இறங்காமல் நிற்கிறதா என்று இரண்டையும் கவனியுங்கள். இரண்டும் சரி என்றால் அந்த வேகத்தில் ஒரு மணி நேரம் உங்களால் போக முடியும். மூன்று குமிழையும் எரித்துக்கொண்டு 20 நிமிடம் பேசிக்கொண்டே மிதிப்பவர் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்; அது காலில் 100 வாட் அளவு. வோல்ட்டை 14-க்கு மேல் ஏற விடாதீர்கள், குமிழ் போய்விடும்.

இதய நோய், முழங்கால் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம்.

படி 6: எதை ஓட்டலாம்

நம் எடுத்துக்காட்டில் ஒரு மணி நேர உழைப்பு 50 வாட்-மணி. 1,000 வாட்-மணி சேர்ந்தால் ஒரு யூனிட். அதாவது ஒரு யூனிட்டுக்கு 20 மணி நேரம் மிதிக்க வேண்டும். இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்தக் கருவியையும் நீங்களே எடைபோடலாம்.

மிதிக்கும்போதே நேராக ஓட்டக்கூடியவை, ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்று: 9 வாட் எல்இடி விளக்குகள் நான்கு, அல்லது 32 அங்குல எல்இடி தொலைக்காட்சி, அல்லது 28 வாட் பிஎல்டிசி மின்விசிறி, அல்லது இணைய ரௌட்டரும் அதோடு இரண்டு விளக்கும். பழைய வகைக் கூரை மின்விசிறி 70 வாட்டுக்கு மேல் கேட்கும், ஒருவர் காலுக்கு அது மிஞ்சியது. மிதித்துச் சேமித்துப் பிறகு பயன்படுத்த நினைத்தால், ஒரு மணி நேரத்தில் இரண்டு கைபேசி நிரம்பும், அல்லது 9 வாட் விளக்கு ஒன்று நாலரை மணி நேரம் எரியும். மடிக்கணினியின் பாட்டரி 50 முதல் 60 வாட்-மணி கொள்வதால் அதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஆகும்.

சூடாக்கும் கருவி எதையும் நினைக்கவே வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரக் குறைந்தது 87 வாட்-மணி வேண்டும். ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேர மிதி. குளிர்சாதனப் பெட்டிக்கு நாளைக்கு ஒரு யூனிட் என்று வைத்தால் ஒருவர் தூங்கும் நேரம் போக மீதி முழுக்க மிதித்தாலும் போதாது.

படி 7: பாட்டரியைச் சரியாக இணையுங்கள்

மனிதக் கால் ஒரே சீராக அழுத்துவதில்லை. பெடல் மேலும் கீழும் நிற்கும் கணங்களில் விசை குறைந்து, கிடைமட்டமாக வரும்போது கூடும். கருவியை நேராக இணைத்தால் விளக்கு துடிக்கும்; கைபேசி சார்ஜ் ஏற மறுத்து மறுத்து நிற்கும். நடுவில் ஒரு பாட்டரி இருந்தால் இந்தத் துடிப்பை அது விழுங்கிவிடும். கைபேசி மட்டும்தான் என்றால் முதலில் பவர் பேங்கை நிரப்பி, அதிலிருந்து கைபேசிக்கு ஏற்றுங்கள்.

பாட்டரியின் அளவில் பலர் தவறுகிறார்கள். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரி பொதுவாக 2.1 ஆம்பியருக்கு மேல் ஏற்றத்தைத் தாங்காது. நாம் தருவது 3.5. குறைந்தது 12, முடிந்தால் 18 ஆம்பியர்-மணி பாட்டரி வாங்குங்கள்.

மோட்டாருக்கும் பாட்டரிக்கும் இடையில் டயோடு கட்டாயம். அது இல்லாவிட்டால், நீங்கள் மிதிப்பதை நிறுத்தியதும் பாட்டரி மோட்டாரைச் சுற்றத் தொடங்கிவிடும். பின்சக்கரம் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், ஏற்றியதெல்லாம் இறங்கிவிடும். 10 ஆம்பியர் ஷாட்கி டயோடு ஒன்றைச் சிறு அலுமினியத் தகட்டில் பொருத்தினால் போதும். சாதாரண டயோடை விட அதில் வோல்ட் இழப்பு குறைவு.

இவற்றுள் ஆபத்தானது, மிதிக்கும்போதே பாட்டரி துண்டிக்கப்படுவது. வோல்ட்டை 14-இல் பிடித்து வைத்திருப்பது பாட்டரிதான். இணைப்பு கழன்றாலோ, லித்தியம் பாட்டரி நிரம்பியதும் அதன் பாதுகாப்புச் சுற்று கதவை மூடினாலோ, பெடல் திடீரென்று இலகுவாகும், கால் தன்னையறியாமல் வேகமெடுக்கும், வோல்ட் 25-க்கும் மேல் பாயும். அந்தக் கம்பியில் நேராக இணைந்திருக்கும் யுஎஸ்பி மாற்றி அந்த நொடியே போய்விடும். எனவே 40 வோல்ட் வரை தாங்கும் மாற்றியை வாங்குங்கள். வோல்ட்மீட்டரைக் கைப்பிடியிலேயே, கண்ணில் படும்படி மாட்டுங்கள், 14.4-ஐத் தொட்டால் மிதியைத் தளர்த்த வேண்டும்.

படி 8: கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது

மிதி கனமாக இருந்தும் மின்சாரம் குறைவாக வந்தால் முதலில் உருளையைத் தொட்டுப் பாருங்கள், வண்டியை நிறுத்திய பிறகு. அது சூடாக, கீழே கறுப்பு ரப்பர்த் தூள் உதிர்ந்து கிடந்தால் டயர் வழுக்குகிறது. டயரில் காற்றை முழுதாக அடித்து, உருளையை வழுக்காத அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். தேவைக்கு மேல் அழுத்தினால் அந்த அழுத்தமே உழைப்பைத் தின்னும்.

மிதி இலகுவாக, வேகமாகப் போகிறது, ஆம்பியர் மட்டும் பூஜ்யம் என்றால் வோல்ட் பாட்டரியை எட்டவில்லை. அல்லது டயோடு தலைகீழாக இருக்கிறது. சுமையை எடுத்துவிட்டு மோட்டார் முனையில் அளந்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்: 60 மிதியில் 16 வோல்ட் வந்தால் மோட்டார் சரி, டயோடைப் பாருங்கள். எதுவுமே இணைக்காதபோதும் பெடல் கனமாக இருந்தால் கம்பிகள் எங்கோ ஒன்றையொன்று தொடுகின்றன. குறுக்குச்சுற்று ஏற்பட்ட மோட்டார் நல்ல பிரேக் போலவே நடந்துகொள்ளும்.

மின்சாரமே வேண்டாத வேலைகள்

தண்ணீர் இறைப்பது, அரைப்பது, தைப்பது போன்ற சுழற்சி வேலைகளுக்கு மின்சாரத்தை நடுவில் கொண்டுவருவது வீண். 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 60 சதவீதத் திறன் உள்ள பம்பைச் சங்கிலியால் நேராகப் பெடலோடு இணைத்தால், அதே 80 வாட் கால் ஒரு மணி நேரத்தில் 1,700 லிட்டர் ஏற்றும். அதையே மின்சாரமாக்கி, 50 வாட் எடுத்து, 35 சதவீதத் திறன் உள்ள சிறு மின்பம்புக்குக் கொடுத்தால் 640 லிட்டர்தான் மேலே போகும். ஒரே கட்டைத் தாங்கியில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்: பகலில் சங்கிலியைப் பம்பின் பற்சக்கரத்தில் மாட்டுங்கள், மாலையில் கழற்றி ஜெனரேட்டருக்கு மாற்றுங்கள். சங்கிலி இரண்டுக்கும் ஒரே நீளத்தில் பொருந்தும்படி பம்பை நீளத்துளை போட்ட தகட்டில் பொருத்தினால், மாற்றி மாட்ட ஒரு ஸ்பேனர் போதும்.